அறுப்பு வண்டிச் செயலியை ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தல்: பயன்பாட்டுச் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

செயலியை உருவாக்கியவரிடமே அது எளிதாக இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருடைய விரலுக்கே தெரியும். அந்தச் செயலியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லி, அவர் அதைச் செய்வதைக் குறுக்கிடாமல் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் பயன்பாட்டுச் சோதனை. ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். ஐந்து பேர், ஒரு திண்ணை, ஒரு நோட்டு, உதவிக்கு ஒருவர் இருந்தால் போதும். ஆனால் பணியை எழுதும்போதும் குறிப்பு எடுக்கும்போதும் கோட்டை விட்டால், மற்றவற்றை எவ்வளவு சிரத்தையாகச் செய்தாலும் வீண். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, அம்பாசமுத்திரம் பக்கம் நண்பர்கள் உருவாக்கிய ஒரு செயலியை எடுத்துக்கொள்கிறேன். அதன் சோதனையை நடத்திக் கொடுத்தது நான்தான். நெல் அறுவடை எந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்வதற்கான செயலி அது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல் மாசி, பங்குனி வாக்கில் முற்றும். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அறுப்புக்கு வருவதால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வண்டி தேவைப்படும். அதுவரை தரகருக்கும் வண்டிக்காரருக்கும் மாறி மாறிப் போன் போட்டுக்கொண்டிருந்த வேலையைச் செயலிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது நண்பர்களின் எண்ணம்.

எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

சோதனைக்கு முன்னால் இரண்டு கேள்விகளை எழுதி வையுங்கள். மூன்றைத் தாண்ட வேண்டாம். நாங்கள் எழுதியவை இவை: அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி யாருடைய உதவியும் இல்லாமல் வண்டியைப் பதிவு செய்துவிடுவாரா? பதிவு செய்த பிறகு அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குப் புரிகிறதா?

"செயலி பிடித்திருக்கிறதா?" என்பது இந்தச் சோதனைக்கான கேள்வியே அல்ல. வீடு தேடி வந்தவரிடம் நம் ஊரில் யாரும் "பிடிக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். பாதி வழியில் திணறி நின்றவர்கூட "நன்றாகத்தான் இருக்கிறது தம்பி" என்றுதான் அனுப்பி வைப்பார். வாய் சொல்வதைவிட விரல் செய்வதைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம்.

ஏன் ஐந்து பேர்?

பயன்பாட்டுச் சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் இருவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து இந்த எண் பரவியது. அவர்கள் ஆராய்ந்த சோதனைகளில், ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு. அந்த விகிதத்தை அப்படியே கொண்டால் ஐந்து பேரிடம் ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகள் வெளியே வந்துவிடும். ஆறாவது, ஏழாவது ஆளிடம் பெரும்பாலும் பார்த்ததையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த 31 ஒரு சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் குறையை ஐந்து பேரிடம் பார்த்துவிடலாம் என்று நம்ப முடியாது. ஐந்து பேரை வைத்து விழுக்காடும் சொல்லக் கூடாது. மூன்று பேர் தடுமாறினால் "ஐவரில் மூவர்" என்றே எழுதுங்கள். "60 விழுக்காட்டினர்" என்று எழுதினால் அது படிப்பவரை ஏமாற்றும். இன்னொன்று, ஐந்து பேரும் ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும். எங்கள் செயலியில் விவசாயி ஒரு வகை, வண்டி உரிமையாளர் இன்னொரு வகை. அவர்கள் பார்க்கும் திரைகளே வேறு. எனவே விவசாயிகளிடம் மட்டும் முதலில் நடத்தினோம்.

ஆள் தேடும்போது சொந்தக்காரர்களையும், செயலியைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டவர்களையும் தவிர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மட்டும் அனுப்புகிறவர் ஒருவர், எல்லாவற்றையும் போனிலேயே முடிப்பவர் ஒருவர் என்று பழக்கத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கட்டும். அறுப்பு நடக்கும் நாள்களில் யாரையும் கூப்பிடாதீர்கள். அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அதையும் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வேலையைச் சரியாக முடித்தால்தான் பணம் கிடைக்கும் என்ற எண்ணம் வந்துவிட்டால், அவர் தடுமாற்றத்தை மறைக்கப் பார்ப்பார்.

பணியை எழுதுவது

புதியவர்கள் வழக்கமாக எழுதும் பணி இப்படி இருக்கும்: "புதிய பதிவு என்பதை அழுத்தி, பெல்ட் வண்டியைத் தேர்ந்தெடுத்து, பரப்பளவைக் கொடுத்து, உறுதி செய்யுங்கள்." இதில் சோதனைக்கு எதுவும் மிச்சமில்லை. திரையில் உள்ள சொற்களையே வரிசையாகச் சொல்லிவிட்டோம். அவர் அந்தச் சொற்களைத் தேடித் தேடி அழுத்துவார், எல்லாம் சுமுகமாக முடியும், நாமும் மகிழ்ச்சியோடு திரும்பி வருவோம்.

வாழ்க்கையில் அந்த வேலை எப்படி வந்து நிற்குமோ அப்படிச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிய பணி இது:

"உங்கள் வயலில் ஐம்பது சென்டில் நெல் முற்றி நிற்கிறது. போன வாரம் மழை பெய்ததால் வயலில் ஈரம் காயவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அறுத்துவிட வேண்டும். இந்தப் போனில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்."

"பதிவு", "தேர்ந்தெடு", "பரப்பளவு" என்று திரையில் இருக்கும் எந்தச் சொல்லும் இதில் இல்லை. ஈரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈர வயலில் டயர் வண்டி புதையும்; பெல்ட் வண்டிதான் இறங்கும். அந்த முடிவை விவசாயி தானாகவே எடுப்பார். அதை எடுக்கும் இடம் திரையில் அவர் கண்ணில் படுகிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். "ஐம்பது சென்ட்" என்று சொன்னதும் அதே நோக்கத்தில்தான். அந்தப் பக்கத்துச் சிறு விவசாயி பேச்சில் அப்படித்தான் சொல்வார். முதியவர்களில் சிலர் இன்றும் விதைப்பாட்டை, அதாவது விதைக்கத் தேவைப்படும் நெல்லின் அளவை, வைத்துக் கோட்டை, மரக்கால் என்று சொல்வதும் உண்டு.

ஒவ்வொரு பணிக்கும் கீழே, எது நடந்தால் முடிந்ததாகக் கொள்வீர்கள் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். இந்தப் பணிக்கு நாங்கள் எழுதியது: வெள்ளி காலை, அரை ஏக்கர், பெல்ட் வண்டி என்று பதிவாகியிருக்க வேண்டும், அதோடு, வண்டிக்காரர் ஒப்புக்கொண்ட பிறகே வண்டி உறுதியாகும் என்பதை விவசாயி தன் வாயால் சொல்ல வேண்டும். பின்பாதி முக்கியம். கடைசித் திரைவரை போய்விட்டு, வெள்ளிக்கிழமை வண்டி கட்டாயம் வந்துவிடும் என்று நம்பி ஒருவர் வயலில் காத்திருந்தால், அந்தப் பணி முடிந்ததாக ஆகாது.

ஓர் ஆளுக்கு மூன்று அல்லது நான்கு பணிகள், மொத்தம் முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் களைப்பில் வரும் தடுமாற்றமும் செயலியின் குறையால் வரும் தடுமாற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒவ்வொரு பணியையும் தனித்தனிச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, முதலில் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, சீட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

போவதற்கு முன்னால்

சோதனைக்கென்று தனிப் பதிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வண்டிக்காரருக்கு ஐந்து பொய்ப் பதிவுகள் போய்ச் சேர்ந்தால் வம்பாகிவிடும். ஒருவர் முடித்ததும் அவர் உள்ளிட்டதையெல்லாம் அழித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

முடிந்தால் அவரவர் போனிலேயே நடத்துங்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், திரையில் கீறல் இருக்கும், விசைப்பலகை வேறாக இருக்கும். எங்கள் சோதனையில் இரண்டு சிறிய போன்களில் விசைப்பலகை மேலே எழும்பி "அடுத்து" பொத்தானை மூடிக்கொண்டது. அலுவலகத்தில் இருந்த பெரிய போனில் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

ஆண்ட்ராய்டு 11 முதல் திரையைப் பதிவு செய்யும் வசதி போனிலேயே இருக்கிறது. மைக்கையும் சேர்த்துப் பதிவு செய்யும்படி வையுங்கள். விரல் எங்கே தொட்டது என்பது பதிவில் தெரிய வேண்டும் என்றால், அமைப்புகளில் `Build number` என்பதை ஏழு முறை தட்டி `Developer options` பட்டியலைத் திறந்து, அதில் `Show taps` என்பதை இயக்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துக் கொடுங்கள். பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேட்க வேண்டும். யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோதனையின்போது வரும் வங்கிக் குறுஞ்செய்தியும் அந்தப் பதிவில் விழும் என்பதால், அறிவிப்புகளை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஐவரைத் தொடங்குமுன், கணக்கில் சேராத ஒருவரிடம் ஒத்திகை பாருங்கள். பணியில் ஒரு சொல் குழப்பினாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

உட்கார்ந்த பிறகு

இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் அரைகுறையாக முடியும். பயனருக்குப் பக்கவாட்டில், திரை தெரியும்படி உட்காருங்கள். எதிரில் உட்கார்ந்தால் தேர்வு அறை போலாகிவிடும்.

தொடக்கத்தில் சொல்ல வேண்டியது சுருக்கமானது: "அண்ணாச்சி, நாங்கள் சோதிப்பது இந்தச் செயலியைத்தான், உங்களை அல்ல. எங்கேயாவது தடுமாறினால் அது எங்கள் பக்கத்துத் தவறு. என்ன பார்க்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இடையில் நீங்கள் கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்வது யாருக்கும் பழக்கமில்லாதது. முதலில் போனில் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைக்கச் சொல்லி, அதில் பேசிப் பழகவிடுங்கள். பேசிக்கொண்டே செய்தால் வேலை மெதுவாக நடக்கும் என்பதால், எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதைப் பெரிய முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உங்கள் வேலை, மிகக் கடினமான வேலையும் அதுதான். அவர் "இதை அழுத்தவா?" என்று நம் முகத்தைப் பார்ப்பார். தலையசைத்தால் அதுவே பதிலாகிவிடும். "நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் கொஞ்சம் பொறுத்து, "இப்போது என்ன பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்கலாம். "ஏன் அதை அழுத்தவில்லை?" என்பது அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி. முற்றிலும் நின்றுபோய், அவர் முகம் வாடத் தொடங்கினால் உதவுங்கள். ஆனால் அந்தப் பணியை "உதவியுடன்" என்று குறித்துவிடுங்கள்.

வீட்டில் நடத்தும்போது இன்னொரு சிக்கல் வரும். கல்லூரிக்குப் போகும் மகனோ மகளோ "இங்கே கொடுங்கள் அப்பா, நான் காட்டுகிறேன்" என்று போனை வாங்கிவிடுவார்கள். அவர்களைத் தடுத்து மனத்தாங்கல் உண்டாக்க வேண்டாம். முன்கூட்டியே உங்கள் உதவியாளர் அவர்களிடம் தனியாகப் பேசி, அடுத்து அவர்களுடைய கருத்தையும் கேட்பதாகச் சொல்லி, சற்றுத் தள்ளி உட்கார வைப்பது நல்லது. மீறி வாங்கிவிட்டால், எந்தத் திரையில் வாங்கினார்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டார் பொறுமை இழக்கும் இடம் எது என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

குறிப்பு எடுப்பது

கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே குறிப்பில் வர வேண்டும். உங்கள் ஊகத்தை எழுதத் தோன்றினால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே எழுதுங்கள். இது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு, அரை ஏக்கர் பயிரிடும் ஓர் அக்காவிடம் எடுத்த குறிப்பைப் பாருங்கள். சோதனைக்காகப் பெல்ட் வண்டிக்கு மணிக்கு 2,500 ரூபாய், டயர் வண்டிக்கு 1,800 ரூபாய், ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று செயலியில் வைத்திருந்தோம்.

2:02 – பெல்ட் வண்டிப் படத்தைத் தொடுகிறார். "ஈரத்துக்கு இதுதான்."
2:10 – பரப்பளவுக் கட்டத்தைத் தொடுகிறார். 50 என்று அடிக்கிறார்.
2:18 – "அடுத்து" அழுத்துகிறார்.
2:25 – வாடகை ரூ. 1,25,000 என்று வருகிறது. போனை முகத்தருகே கொண்டுபோகிறார். பேச்சில்லை.
2:36 – "இவ்வளவு கொடுத்து யார் அறுப்பார்கள்?"
2:44 – பின்னால் போகிறார். டயர் வண்டியைத் தொடுகிறார். 50 அப்படியே இருக்கிறது.
2:58 – ரூ. 90,000. "இது பெரிய பண்ணைக்காரர்களுக்கு உள்ளது." போனைக் கீழே வைக்கிறார்.

இதே நிகழ்வை அவசரத்தில் "வாடகை அதிகம் என்கிறார், செயலி தனக்கு ஏற்றதல்ல என்று நினைக்கிறார்" என்று ஒரே வரியில் எழுதிவிட முடியும். அந்த வரி அலுவலகத்துக்குப் போனால், வாடகையைக் குறைப்பது பற்றி ஒரு கூட்டம் நடக்கும். மேலே உள்ள குறிப்போ கண்ணை 2:10-க்கு இழுக்கிறது. 50 என்றால் அவருக்குச் சென்ட்; செயலிக்கு ஏக்கர். "ஏக்கர்" என்ற சொல் கட்டத்துக்குள் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தது. முதல் எண்ணை அடித்ததுமே மறைந்துவிட்டது. ஈர வயலுக்கு டயர் வண்டி ஆகாது என்று தெரிந்தவர், விலையைப் பார்த்து அதற்கு மாறினார் என்பதும் இதே குறிப்பில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழை அடுத்த முடிவையும் கெடுத்திருக்கிறது.

பணி முடிந்தவுடன், அவர் சொன்ன சொற்களைக் கொண்டே கேளுங்கள்: "பெரிய பண்ணைக்காரர்களுக்கு என்றீர்களே, அக்கா, எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?" அவர் தொகையைச் சுட்டிக்காட்டினார், பரப்பளவைப் பற்றிப் பேசவே இல்லை. தனக்கு நேர்ந்ததன் காரணத்தைப் பயனரால் சொல்ல முடியாமல் போவது வழக்கம்தான். அதனால்தான் குறிப்பு அவ்வளவு நுணுக்கமாக வேண்டியிருக்கிறது.

ஐந்து நோட்டையும் சேர்ப்பது

ஒவ்வொருவரும் முடித்த கால் மணி நேரத்துக்குள், நீங்களும் குறிப்பு எடுத்தவரும் உட்கார்ந்து பார்த்ததை ஒப்பிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் நினைவில் ஒருவராகிவிடுவார்கள்.

பிறகு ஒரு பெரிய தாளில் குறைகளை மேலிருந்து கீழாகவும் ஆட்களை இடமிருந்து வலமாகவும் எழுதி, யாரிடம் எது நேர்ந்ததோ அங்கே குறியிடுங்கள். பெயர் வேண்டாம், ஆள் 1, ஆள் 2 போதும். எங்கள் தாளில் பரப்பளவு வரிசை இப்படி இருந்தது: மூவர் 50 என்று அடித்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் தொகையைப் பார்த்ததும் திரும்பிப் போய்த் திருத்தினார். நான்காமவர் நேராக 0.5 என்று அடித்தார். ஐந்தாமவர் அடிப்பதற்கு முன்பே, "இது ஏக்கரா, சென்டா?" என்று கேட்டார்.

குறையின் கடுமையை மூன்று படிகளில் வைத்தால் போதும்: வேலையே நின்றது, தடுமாறித் தாண்டினார், பொருட்படுத்தவில்லை. எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதைவிட, நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். வண்டி உறுதியாகிவிட்டது என்று தவறாக நம்பியவர் ஐவரில் ஒருவர்தான். ஆனால் அந்த நம்பிக்கையில் அவர் வேறு வண்டி பார்க்காமல் இருந்துவிட்டால் விளைந்த நெல் வயலில் நிற்கும். அதையும் முதல் படியில்தான் வைத்தோம்.

திருத்தத்தைத் தீர்மானிக்கும்போது அறிகுறியை விட்டுக் காரணத்தைப் பிடியுங்கள். "ஏக்கர் என்ற எழுத்தைத் தடிப்பாக்கலாம்" என்பதுதான் முதலில் வந்த யோசனை. சென்ட் கணக்கில் யோசிப்பவரை மனத்துக்குள் வகுத்துப் பார்க்கச் சொல்லும் திருத்தம் அது. அதற்குப் பதில் "ஏக்கர்", "சென்ட்" என்று இரண்டு கட்டங்கள் வைத்து, அந்தப் பெயர்கள் எப்போதும் கட்டத்துக்கு மேலே நிற்கும்படி செய்தார்கள். அடித்து முடித்ததும் கீழே "அரை ஏக்கர், ஏறத்தாழ அரை மணி நேர அறுப்பு" என்று சொல்லிலும் வரும். தவறாக அடித்தவர் தொகைக்குப் போவதற்கு முன்பே அந்த வரியில் பிடித்துக்கொள்ளலாம்.

கடைசித் திரையில் "வண்டிக்காரர் ஒப்புக்கொண்டதும் உங்களுக்குப் போன் வரும். அதுவரை வண்டி உறுதியில்லை" என்று இரண்டு வாக்கியங்கள் சேர்ந்தன.

திருத்திய பதிப்பைப் பழைய ஐவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்களுக்குச் செயலி இப்போது பழக்கமாகிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த புதிய மூவரிடம், சொல் மாறாத அதே பணிச் சீட்டைக் கொடுங்கள். சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பதோடு, இரண்டு கட்டங்கள் வந்ததால் புதுக் குழப்பம் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சென்ட் கட்டத்தில் 50 அடித்துவிட்டு, ஏக்கர் கட்டத்தை வெறுமையாக விடலாமா, பூஜ்ஜியம் போட வேண்டுமா என்று ஒருவர் விரலைத் தூக்கி நிறுத்தினால், அடுத்த குறிப்பு அந்த விநாடியிலிருந்து தொடங்க வேண்டும்.